அந்தப் புள்ளி யார் வைத்தது

ஏற்காட்டிலிருந்து வந்த அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "கீழே எங்கப்பா எழுதினது படிக்க வரணும் தம்பி." கறுப்பு வெள்ளைப் படம். அடி விளிம்பில் நீல மையில் ஒரே வரி: 'சேர்வராயன் கோயில் முன் ஐந்து பேர்'. மேலே நெடுகக் கீறல், எங்கும் தூசு.

600 டிபிஐ, கிரேஸ்கேலில் ஸ்கேன் எடுத்து, படம் முழுவதற்கும் போட்டோஷாப்பில் தூசையும் கீறலையும் நீக்கும் Dust & Scratches ஃபில்டரைப் போட்டேன். Radius 6, Threshold 0. படம் பளிச்சென்று ஆனது. வரியிலோ ஒரு புள்ளிகூட இல்லை. கோடு நீளமாக ஓடுவதால் ஃபில்டருக்குத் தப்பிவிடுகிறது. அதே தடிமனுள்ள மெய்யெழுத்துப் புள்ளி தனியாக நிற்பதால் தூசோடு போய்விடுகிறது. பழைய கையெழுத்தில் ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். புள்ளி போனால் 'பேர்' என்பது 'போ' என்று நிற்கும். படிக்க வர வேண்டுமே என்று ஆறு இடத்திலும் பிரஷ்ஷால் நானே புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தவர், "எங்கப்பா இத்தனை புள்ளி வெக்க மாட்டாரே" என்றார்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். படத்தை மறுபடி வாங்கி, ஊதித் துடைத்து, 1200 டிபிஐயில் கலரில் ஒருமுறை, படத்தைத் திருப்பி வைத்து இன்னொருமுறை. படத்தோடு சேர்ந்து திரும்பாத புள்ளி கண்ணாடியில் இருக்கும் தூசு. மீதியை ரெட் சேனலில் பார்த்தேன். அதில் நீல மை கறுப்பாக எழுந்து நிற்கும், பழுப்புக் கறை வெளுத்துவிடும். இப்படிப் பார்த்தபோது உறுதியான மைப்புள்ளி ஒன்றே ஒன்று, 'பேர்' மேலே. ன், ல், ந் எதற்கும் இல்லை. 'சேர்' மேலே கீறல் காகிதத்தையே உரித்திருந்தது. அங்கே பார்க்க எதுவும் மிச்சமில்லை.

இந்த முறை வரியின் மேல் ஃபில்டர் படாமல் மாஸ்க் போட்டு, எழுத்துக்கு வெளியே இருந்த தூசை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தேன். 'சேர்' மேலே மட்டும் ஒரு புள்ளி வைத்தேன். குழப்பம் வரும் ரகரத்துக்கு மட்டும் அவர் புள்ளி வைத்திருக்கிறார், 'பேர்' அதற்குச் சாட்சி. இல்லாவிட்டால் அது 'சோவராயன்' என்றல்லவா நிற்கும்? இந்த நியாயம் இன்றும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஒரே ஒரு புள்ளியை வைத்து ஒருவருடைய வழக்கத்தையே முடிவுகட்டலாமா என்றால், அதுவும் தெரியவில்லை.

அவர் திரையில் விரல் வைத்துக் கேட்டார்: "இது அப்பா வெச்சதா தம்பி?"

"ஆமாங்க" என்றேன்.

"இருக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். கீறலைக் காட்டி, "இங்கே காகிதமே இல்லீங்க" என்றும் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது அதுதான். படிக்கத்தானே கேட்டார், படிக்க வைத்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் முறை அவர் கேட்டது படிப்பதைப் பற்றி அல்ல.

கலர் ஸ்கேன் இன்னும் என்னிடம் இருக்கிறது. அனுப்பி வைக்கலாம். அனுப்பினால் அந்தப் புள்ளி அதில் இருக்காது.