36.90-ஆ, 39.90-ஆ? முறுக்கு அச்சை வைத்து விலை சோதித்த அனுபவம்

ஆன்லைனில் பொருள் போட்டு விற்பவர்கள் விலையையோ தலைப்பையோ மாற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒன்று செய்யுங்கள். வேறொரு கைப்பேசியில், வாங்குபவர் கணக்கில் நுழைந்து, உங்கள் பொருளுக்கு என்ன விலை தெரிகிறது என்று தினமும் ஒருமுறை பாருங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் ஒரு வாரக் கணக்கு கெட்டு, நான்கு வாரச் சோதனையையும் புதிதாக ஓட்ட வேண்டியதாயிற்று. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் மாமாவின் பாத்திரக் கடை இருக்கிறது. அதன் ஆன்லைன் விற்பனையை நான் பார்த்துக்கொள்கிறேன். சோதனைக்கு எடுத்தது பித்தளை முறுக்கு அச்சு. தீபாவளிக்கு முன் நம்மவர்கள் வாங்குவார்கள், நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்களும் வாங்குவார்கள். ஒரே பொருள், இரண்டு விதமான தேடல். தலைப்பைச் சோதிக்க இதைவிட நல்ல பொருள் எங்களிடம் இல்லை.

தலைப்பு வேலை சுலபமாகவே முடிந்தது. பழைய தலைப்பு Brass Murukku Maker என்று தொடங்கியது. புதியதை மலாயில் Acuan Maruku Putu Mayam Tembaga 6 Plat என்று வைத்தேன். படம், விலை, விளக்கம் எதையும் தொடவில்லை. விளம்பரத்தையும் நிறுத்திவிட்டேன். அடுத்த நாளே, தேடலில் பொருள் தென்பட்ட எண்ணிக்கை சரசரவென்று ஏறியது. அதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். Acuan என்றால் மலாயில் அச்சு; அப்படித் தேடுபவர்களில் பாதிப் பேருக்குக் கூவே பலகார அச்சுதான் வேண்டும், அவர்கள் கடந்து போய்விடுவார்கள். எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பதைவிட எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு உள்ளே வந்தவர்களும் கூடினார்கள், ஆர்டரும் கூடியது, அதனால் புதிய தலைப்பையே வைத்துக்கொண்டோம். இன்னொரு நன்மையும் கிடைத்தது. 6 தட்டு என்று தலைப்பிலேயே போட்டதும், “எத்தனை தட்டு வரும்?” என்று சாட்டில் கேட்பது கிட்டத்தட்ட நின்றுபோனது.

விலையில்தான் வினையே வந்தது.

அச்சை 36 வெள்ளி 90 காசுக்கு விற்றுக்கொண்டிருந்தோம். 39.90-க்கு ஏற்றலாம் என்றேன். “மூணு வெள்ளி ஏத்துனா ஒருத்தனும் திரும்பிப் பார்க்கமாட்டான்மா” என்றார் மாமா. சரி, கணக்கை முதலில் போட்டுக் காட்டினேன். அச்சின் அடக்க விலை, பெட்டி, டேப் எல்லாம் சேர்த்து 21 வெள்ளி. தளத்துக்குப் போகும் கட்டணங்கள் மொத்தமாக 12 விழுக்காடு. 36.90-க்கு விற்றால் கையில் நிற்பது 11.47. 39.90-க்கு விற்றால் 14.11. அதாவது பழைய விலையில் 100 பேர் வாங்கிய இடத்தில் புதிய விலையில் 82 பேர் வாங்கினாலே லாபம் குறையாது. விலையை ஏற்றும் முன் இந்த எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆர்டர் நாலு குறைந்ததுமே பயந்து விலையை இறக்கிவிடுவோம்.

ஒரே நேரத்தில் பாதிப் பேருக்கு ஒரு விலை, மீதிப் பேருக்கு இன்னொரு விலை என்று காட்டும் வசதி எங்களைப் போன்ற சின்னக் கடைக்குக் கிடையாது. வாரம் மாற்றித்தான் பார்க்க முடியும். இரண்டு வாரம் பழைய விலை, அடுத்த இரண்டு வாரம் புதிய விலை என்று போனால் ஏமாந்துபோவோம். தீபாவளி நெருங்க நெருங்க முறுக்கு அச்சு தானாகவே அதிகம் போகும், அந்தப் பெருமை முழுவதும் பின்னால் வந்த விலைக்குச் சேர்ந்துவிடும். அதனால் முதல் வாரம் பழையது, நடுவில் இரண்டு வாரம் புதியது, கடைசி வாரம் பழையது என்று வைத்தேன். விற்பனை சீராக ஏறிக்கொண்டிருந்தாலும் இரண்டு விலைக்கும் அது ஏறக்குறைய சமமாகப் பங்காகும்.

மூன்றாவது வாரம், அதாவது புதிய விலையின் இரண்டாவது வாரம், ஆர்டர் நன்றாக வந்தது. சந்தேகம் வந்து கணக்கைத் திறந்தால், ஒவ்வொரு ஆர்டரிலும் வாங்கியவர் கொடுத்தது 35.91. நான் போட்ட விலை 39.90! தளமே பத்து விழுக்காடு தள்ளுபடி வவுச்சரை எங்கள் கடைக்குப் போட்டு, அந்தக் காசையும் எங்கள் பணத்தில் கழித்திருக்கிறது. விற்பவர் பக்கத்தில் எந்த நேரமும் 39.90 என்றே காட்டியது. ஒரு அச்சுக்கு நின்றது 10.60. பழைய விலையில் விற்றதைவிடக் குறைவு.

சாட்டில் கேட்டேன். சிஸ்டம் தானாகச் சேர்த்தது, பிரசாரத்தில் கலந்துகொண்டதற்கு நன்றி என்று பதில். நான் கலந்துகொள்ளவில்லை என்றால், மறுபடி அதே வரி. ஆள் மாறினார், முதலிலிருந்து விளக்கச் சொன்னார். கடைசியில் ஆர்டர் விவரங்களைப் படம் பிடித்து ஒவ்வொன்றாக அனுப்பிய பிறகே, அமைப்புகளுக்குள் எங்கோ அடியில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டினார்கள். அதை அணைத்ததும் வவுச்சர் போய்விட்டது. கழித்த காசு திரும்ப வரவில்லை. நீங்கள் சோதனை தொடங்கும் முன்பே பிரசாரம், வவுச்சர், தானியங்கித் தள்ளுபடி என்ற பக்கங்களை எல்லாம் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். 10.10 போன்ற பெரிய விற்பனை நாட்கள் வரும் வாரத்தைத் தொடவே வேண்டாம்.

கெட்ட வாரத்தைக் கழித்துவிட்டு மீதியை வைத்து முடிவெடுக்க மனம் வரவில்லை. நான்கு வாரத்தையும் புதிதாக ஓட்டினேன். இந்தத் தடவை ஒரு சின்னத் தொல்லைதான். விலை இறங்கியதும் ஒரு அக்கா முதல்நாள் போட்ட ஆர்டரை ரத்து செய்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி வாங்கினார். அவர் மேல் தப்பில்லை, ஆனால் ரத்தானதைக் கழிக்காமல் எண்ணினால் ஒரே ஆள் இரண்டு விலைக்கும் கணக்காகிவிடுவார்.

பழைய விலையில் 610 பேர் பார்த்து 27 பேர் வாங்கினார்கள். புதிய விலையில் 590 பேர் பார்த்து 25 பேர். பார்த்த ஒவ்வொரு 100 பேருக்கும் லாபம் 51 வெள்ளியிலிருந்து 60 ஆனது. மாமாவுக்கு இந்த ஒரு எண்ணைத்தான் காட்டினேன், அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஆனாலும் இந்த 25-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் எந்தக் காரணமும் இல்லாமலே ஐந்து ஆர்டர் கூடும், குறையும். எங்கள் கணக்கில் 21 ஆர்டருக்குக் கீழே போனால் புதிய விலை நஷ்டம். 25-க்கும் 21-க்கும் நடுவில் இருக்கும் தூரம் பெரிதல்ல. ஒரு வெள்ளி ஏற்றி இறக்கிப் பார்க்கும் சோதனை சின்னக் கடைக்கு வீண் என்பதும் இதனால்தான். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆயிரக்கணக்கில் ஆட்கள் வர வேண்டும். குறைந்தது மூன்று, நான்கு வெள்ளி இடைவெளி வைத்தால்தான் ஏதாவது புரியும்.

இப்போதைக்கு 39.90-லேயே விட்டிருக்கிறோம். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் பார்சல் கட்டி, கூடுதல் காசு பார்க்கிறோம். பார்த்தவர்களையும் வாங்கியவர்களையும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நோட்டில் எழுதுகிறேன். 590 பேருக்கு 21 என்ற கோட்டுக்குக் கீழே இரண்டு மாதம் தொடர்ந்து போனால் 36.90-க்கு இறக்கிவிடுவோம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.