98 ரூபாய்க் கல் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்த கணக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற பக்கம் எங்கள் கிரானைட் பாலிஷிங் யூனிட் இருக்கிறது. மாமா ஓட்டுகிறார், கணக்கு வழக்கு, கொள்முதல் எல்லாம் என் தலையில். எங்கள் செலவில் கரண்டுக்கு அடுத்தபடி பணத்தைத் தின்பது பாலிஷ் கல்தான். ஸ்லாபைத் தேய்க்கும் லைன் பாலிஷர் மிஷினில் சுழலும் ஒவ்வொரு ஹெட்டிலும் ஆறு ஆறாக மாட்டுவோமே, அந்த பிக்கர்ட் கல். கல்லின் சொரசொரப்பை நம்பரில் சொல்வோம்; சொரசொரப்பான ஆரம்ப நம்பர்களுக்கு மேக்னசைட் கல், கடைசிப் பளபளப்புக்கு ரெசின் கல்.

மேக்னசைட் கல்லை ஓசூர் டீலரிடம் 158 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தோம். ஜிஎஸ்டி தனி. யூனிட் வாசலில் இறக்கிக் கொடுப்பார், 45 நாள் கடன். ஒரு நாள் சீனாவிலிருந்து ஒரு கம்பெனி விலைப்பட்டியல் அனுப்பியது. அதே அளவு, அதே நம்பர், சென்னைத் துறைமுகம் வரை கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து, அதாவது சிஐஎஃப் விலை, 1.15 டாலர். அன்றைய ரேட்டுக்கு 98 ரூபாய் சொச்சம். மாமா கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு கல்லுக்கு அறுபது ரூபாய்டா. இத்தனை நாள் ஓசூர்க்காரன் நம்மள ஏமாத்தியிருக்கான்” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

1,440 கல்லுக்கு ஆர்டர் போட்டோம். ஏற்றுமதி இறக்குமதி கோட் எடுக்க அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், ஆன்லைனிலேயே முடிந்தது. 30 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு ஏற்றும் முன். இரண்டு தடவை பணம் அனுப்பியதால் வங்கிக் கமிஷனும் இரண்டு தடவை. பேப்பரில் பார்க்கும் டாலர் ரேட்டுக்கு வங்கி நமக்கு டாலர் தராது, விற்பனை ரேட் என்று ஒன்று வைத்திருக்கும். எங்களுக்கு 85.50 போட்டார்கள். சரக்குக்கு 1,41,588 ரூபாய் போயிற்று, கமிஷன் வகையில் இன்னொரு 2,400.

வரி எனக்கு அதிர்ச்சி தரவில்லை, அதை முன்பே கேட்டு வைத்திருந்தேன். சுங்கத்துறை மாதம் இரண்டு முறை அறிவிக்கும் டாலர் ரேட்டில் சரக்கு மதிப்பைப் போடுவார்கள். அதன்மேல் எங்கள் சரக்குக்கு அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம், அந்த வரியின்மேல் 10 சதவீதம் சமூகநல சர்சார்ஜ். இரண்டும் சேர்த்து 15,520 ரூபாய். இந்தப் பணம் திரும்பி வராது. இவ்வளவையும் கூட்டி அதன்மேல் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, 28,190 ரூபாய். அது பின்னால் ஜிஎஸ்டி கணக்கில் வரவாகிவிடும். விலை ஒப்பிடும்போது பலரும் இதையும் செலவில் சேர்த்து இறக்குமதியைப் பயங்கரமாகக் காட்டுவார்கள். தப்பு. ஓசூர் டீலர் பில்லிலும்தான் 18 சதவீதம் இருக்கிறது. இரண்டு பக்கமும் எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வரவாகும் வரை அந்தப் பணம் கையில் இல்லை, அதற்கு வட்டி உண்டு.

உண்மையான அடி விழுந்தது கப்பல் வந்த பிறகு. ஒரு கன்டெய்னர் நிறைய எடுக்க நமக்கு வக்கில்லை என்றால், பல பேர் சரக்கோடு நம்முடையதையும் சேர்த்து அனுப்புவார்கள். எல்சிஎல் என்பார்கள். சரக்கு சென்னையில் ஒரு கன்டெய்னர் நிலையத்தில் இறங்கும். அதை வெளியே எடுக்க டெலிவரி ஆர்டர் வேண்டும், அதைத் தருகிறவர் சீன ஃபார்வர்டரின், அதாவது கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தருகிறவரின், சென்னை ஏஜென்ட். அவர் பில் மெயிலில் வந்தது: 26,800 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கன்டெய்னர் கையாளும் கூலி, பிரிக்கும் கூலி, டாக்குமென்ட் கூலி, டெலிவரி ஆர்டர் கூலி, இன்னும் பெயர் புரியாத இரண்டு மூன்று. சில அயிட்டங்கள் டாலரில் இருந்தன. அதை ரூபாயாக்க அவர் எடுத்த ரேட் வங்கி ரேட்டைவிட நான்கு ரூபாய் அதிகம்.

சுங்க வேலையைப் பார்த்துத் தரும் எங்கள் கிளியரிங் ஏஜென்டுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் சிரித்தார். “அண்ணா, சீனாவிலிருந்து எல்சிஎல் கப்பல் கூலி என்ன தெரியுமா? பல நேரம் சைபர். சில நேரம் ஃபார்வர்டரே சப்ளையருக்குக் காசு திருப்பித் தருவார். அந்தக் காசை எங்கே எடுப்பார்? இங்கே, உங்ககிட்டே.” சிஐஎஃப் என்றால் கப்பலை, ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுப்பது சப்ளையர். அவருக்கு எது லாபமோ அதைத்தான் எடுப்பார். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது நாம் பேரம் பேச முடியாது. பேசுகிற ஒவ்வொரு நாளும் கிடங்கு வாடகை ஏறும்.

அந்த பில்லில் இன்னொரு விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. எல்சிஎல்லில் கன மீட்டர், டன், இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம். எங்கள் 60 பெட்டி பலகையோடு சேர்த்து 1.2 கன மீட்டர்தான் வந்தது. ஆனால் ஒரு கல் 1.1 கிலோ. பலகையும் சேர்த்து 1.7 டன் என்று பில் போட்டிருந்தார்கள். பஞ்சு மாதிரி சரக்குக்கு இடம், கல் மாதிரி சரக்குக்கு எடை. கல் வியாபாரத்தில் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றாமல் போனது கொஞ்சம் வெட்கம்தான்.

சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் போட வேண்டும், தாமதமானால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000, அதன்பின் தினம் 10,000 அபராதம் என்று கிளியரிங் ஏஜென்ட் முன்பே விரட்டியிருந்ததால் அதில் தப்பித்தோம். ஆனால் சுங்க அதிகாரி, இது என்ன பொருள், கேட்டலாக் காட்டுங்கள் என்று ஒரு கேள்வி போட்டார். வெள்ளிக்கிழமை. சப்ளையர் இன்வாய்ஸில் வெறுமனே ‘பாலிஷ் கல்’ என்று எழுதியிருந்தார். எந்தப் பிணைப்பு, எந்த மிஷினுக்கு என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். திங்கட்கிழமை பதில் போய், செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது. இலவச நாட்கள் கடந்துவிட்டதால் நிலையத்தின் பில் 6,200. கிளியரிங் ஏஜென்ட் கூலி 7,500. சென்னையிலிருந்து பிக்கப் வண்டி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலியோடு 10,700.

யூனிட்டில் பெட்டிகளைப் பிரித்தால் அடி வரிசையில் 40 கல் மூலை உடைந்திருந்தது. உடைந்த கல்லை ஹெட்டில் மாட்டினால் ஸ்லாபில் கோடு விழும், ஒதுக்கத்தான் வேண்டும். சப்ளையர் அடுத்த ஆர்டரில் சேர்த்துத் தருகிறேன் என்றார். ஓசூர் டீலர் என்றால் மறுநாள் வண்டியில் மாற்றிக் கொடுத்திருப்பார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். ஐஜிஎஸ்டி நீங்கலாக மொத்தம் 2,10,708 ரூபாய். முன்பணம், மீதிப் பணம், ஐஜிஎஸ்டி இவை முடங்கிய நாட்களுக்கு எங்கள் வங்கி வட்டி 11 சதவீதத்தில் சுமார் 2,850. இதை 1,440 ஆல் வகுக்காமல் உருப்படியாக இருந்த 1,400 ஆல் வகுத்தால் ஒரு கல் 152 ரூபாய் 50 பைசா. ஓசூர்க் கல்லின் 158 ரூபாயில், 45 நாள் கடனுக்கான வட்டி நமக்கு மிச்சம். அதைக் கழித்தால் 156. அறுபது ரூபாய் என்று மாமா சொன்ன வித்தியாசம் மூன்றரை ரூபாயாக நின்றது.

மூன்றரை ரூபாயும் லாபம்தானே என்றார் மாமா. எத்தனை அடி ஓடுகிறது என்று பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. 46ஆம் நம்பரை எடுத்துக்கொண்டோம். ஒரே ஹெட், ஒரே ஆபரேட்டர், ஒரே பாரடைசோ கிரானைட் ஸ்லாப், அதே பிரஷர், அதே தண்ணீர். ஓசூர்க் கல் ஆறு போட்டுத் தேயும் வரை ஓட்டி, எத்தனை சதுர அடி என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதி வைத்தார் ஆபரேட்டர். அப்புறம் சீனக் கல் ஆறு. இப்படி மூன்று முறை மாற்றி மாற்றி ஓட்டினோம். முதல் செட்டை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் ஏமாந்திருப்போம், அதில் இரண்டும் ஏறக்குறைய சமம். சராசரியில் ஓசூர்க் கல் ஒரு செட் 1,900 சதுர அடி ஓடியது, சீனக் கல் 1,650. ஒரு சதுர அடிக்கு முதலாவது 49 பைசா, இரண்டாவது 55 பைசா. ஆக, சீனக் கல்தான் விலை அதிகம்.

முழு கன்டெய்னராக எடுத்தால் துறைமுகச் செலவு ஒரு கல்லுக்குக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மேக்னசைட் கல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் பிணைப்பு தளர்ந்து பொலபொலவென்று தேயும். பதினைந்தாயிரம் கல்லை வருஷக்கணக்கில் வைத்து எடுக்க எங்களால் முடியாது.

கணக்கை வேறு விதமாகப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. வங்கிக் கமிஷன், துறைமுகம், கிளியரிங், வண்டி எல்லாம் சேர்த்து 53,600 ரூபாய். ஒரு கல்லுக்கு 37 ரூபாய். கல்லின் விலை எதுவாக இருந்தாலும் இந்த 37 பெரிதாக மாறாது, அது எடைக்கு வருகிற செலவு. 98 ரூபாய்க் கல்லுக்கு அது 38 சதவீதம். கடைசி ஹெட்டில் போடும் ரெசின் கல் ஒன்று மூன்று டாலர் என்றால், எடை இன்னும் குறைவு, அதே 37 என்றே வைத்தாலும் 15 சதவீதத்துக்குள். மேக்னசைட்டை ஓசூரில் வாங்கி, ரெசினை மட்டும் வெளியிலிருந்து எடுப்பதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும்.

அடுத்த ஆர்டரில் சிஐஎஃப் வேண்டாம், எஃப்ஓபி கொடு, அதாவது சீனாவில் கப்பலில் ஏற்றும் வரைக்கான விலை போதும், ஃபார்வர்டரை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். விலை 1 சென்ட்கூடக் குறையவில்லை. கப்பல் கூலி சைபர் என்று கிளியரிங் ஏஜென்ட் சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சென்னையில் மூன்று ஃபார்வர்டர்களிடம், கப்பல் கூலியையும் சென்னைச் செலவுகளையும் வரி வரியாக, ரூபாயில், டெலிவரி ஆர்டர் வரை எழுதித் தரச் சொன்னேன். ஒருவர் மட்டும் ‘உண்மைச் செலவுப்படி’ என்று நான்கு இடத்தில் போட்டிருந்தார். அவரை விட்டுவிட்டேன். இந்த முறை கப்பல் கூலியைத் தனியாகக் கொடுத்தும், கப்பல் கூலி முதல் டெலிவரி ஆர்டர் வரை டன்னுக்கு 11,000 ரூபாய்தான் ஆயிற்று. போன தடவை சென்னை ஏஜென்டுக்கு மட்டுமே டன்னுக்கு 15,800 அழுதிருந்தோம்.

ஓசூர் டீலரிடம் அந்த 152 ரூபாய் 50 பைசா கணக்கை மட்டும் காட்டினேன். சதுர அடிக் கணக்கு எழுதிய சுவர் பக்கம் அவரை மாமா கூட்டிப் போகவில்லை. “உங்களுக்காக 153” என்றார்.