9.30 மணிக் காபி

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலை 9.30 ஆனதும் தளமே காலியாகிவிடும். எல்லாரும் காபி அறைக்குப் போய்விடுவார்கள். அதுதான் ஃபீகா. நான் மட்டும் கோப்பையை மேசைக்குக் கொண்டுவந்து வேலையைத் தொடர்வேன். பொறுப்பான ஆள் என்று நினைப்பார்கள் என எண்ணியிருந்தேன். மூன்றாவது வாரம் மேலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "குழுவில் யாரோடாவது சங்கடமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாளே போனேன். பக்கத்தில் வேறு குழுவைச் சேர்ந்த பெண். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டார். ஒரு பழைய கோப்பு வடிவத்தைப் படிக்கும் நிரலை மூன்று நாளாக எழுதுவதாகச் சொன்னேன். "அதை அடுத்த வெளியீட்டில் நாங்கள் எடுத்துவிடப் போகிறோமே" என்றார். எந்தக் கூட்டத்திலும் இது வந்திருக்காது. நான் அதை நம்பியிருப்பது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் எடுப்பது எனக்குத் தெரியாது. ஒரே கூட்டத்தில் ஒருநாளும் உட்காராதவர்கள் அடுத்தடுத்து உட்காரும் இடம் அந்த அறைதான்.

ஃபீகா என்பது 19ஆம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கு. காபிக்கு அப்போது வழங்கிய 'கஃபி' என்ற சொல்லின் அசைகளை முன்பின்னாக மாற்றியதில் பிறந்தது என்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஃபீகாவுக்குத் தின்பண்டம் கொண்டுவருவது முறைவைத்து ஆளுக்கொரு வாரம். என் முறை வந்தபோது 11 பேருக்கு 30 இலவங்கப்பட்டை பன், ஒரு சாக்லேட் கேக், வீட்டில் பொரித்த சமோசா என்று அடுக்கிவிட்டேன். எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஒரு நண்பர் தனியாகச் சொன்னார்: "அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்திருக்கும் பையனின் முறை."

லாகோம் என்ற ஸ்வீடிஷ் சொல் அன்றுதான் எனக்குப் புரிந்தது. 'அளவாக' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் அந்த அளவு என் வயிற்றுக்கோ பணப்பைக்கோ உரியதல்ல. எனக்குப் பின்னால் வருபவர் தாங்கக்கூடிய அளவு. வேலையிலும் அப்படித்தான். ராத்திரி உட்கார்ந்து நான் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தால், அடுத்த முறை எல்லாரிடமும் இரண்டு நாள்தான் எதிர்பார்ப்பார்கள்.

லாகோமில் எனக்கு ஒரு குறையும் உண்டு. மறுப்பையும் அளவாகவே சொல்கிறார்கள். சோதனைகளைத் தானாக ஓடவைக்க ஒரு திட்டம் கொடுத்தேன். "சுவாரஸ்யமாக இருக்கிறது, பார்க்கலாம்" என்றார் மூத்த பொறியாளர். இரண்டு வாரம் காத்திருந்தேன். யார் செய்வது, எப்போது தொடங்குவது என்ற கேள்வி வந்தால்தான் அங்கே சம்மதம். வராவிட்டால் வேண்டாம் என்று பொருள். இது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்த வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது புரிந்த மறுநாள் 9.30க்கு அந்த மூத்த பொறியாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அதில் எது உறுத்துகிறது?" என்று கேட்டேன். முதல் கோப்பை முடிவதற்குள் சொல்லிவிட்டார்: "அதைப் பராமரிக்க இரண்டு பேர் வேண்டும். நம்மிடம் இருப்பது ஒருவர்தான்."