பன்னிரண்டு இலக்கம்

சம்பளம் வங்கிக்குப் போன மறுநாள் காலை, கிராண்ட்பாஸ் களஞ்சியசாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் புறக்கோட்டை அலுவலகத்தின் மாடிப்படி ஏறி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் நாலாய் மடித்த சம்பளச் சிட்டை.

"அக்கா, மூன்று ஞாயிறு வேலை செய்தேன். ஓவர்டைம் ஒரு சதமும் விழவில்லை."

சிட்டையில் மேலதிக நேரத்துக்கு எதிரே 0.00 என்றுதான் இருந்தது. களஞ்சிய மேற்பார்வையாளர் அனுப்பிய தாளைத் திறந்தேன். அதில் அவர் பெயரும் 22 மணித்தியாலமும் அதற்குரிய தொகையும் சரியாக இருந்தன. அந்தத் தாளுக்கும் சிட்டைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு எக்செல் சூத்திரம்தான். இரண்டு வருடங்களாக நான் மாதாமாதம் இழுத்து நிரப்பி வந்தது:

```
=IFERROR(VLOOKUP(B2,OT!$A$2:$F$130,6,FALSE),0)
```

B2இல் இருக்கும் அடையாள அட்டை இலக்கத்தை ஓவர்டைம் தாளின் முதல் நிரலில் தேடு. கிடைத்தால் ஆறாவது நிரலில் உள்ள தொகையைக் கொடு. கிடைக்காவிட்டால் 0 போடு. மேலதிக நேரம் செய்யாதவர்களின் பெயர் அந்தத் தாளில் இருக்காது என்பதால் 0 போடுவது நியாயமாகவே தெரிந்தது. ஆனால் வேலையே செய்யாதவருக்கும், வேலை செய்தும் தேடலில் அகப்படாதவருக்கும் அது ஒரே பூச்சியத்தைத்தான் போடும். IFERROR பகுதியைக் கழற்றிப் பார்த்தேன். ஓவர்டைம் தாளில் பெயர் உள்ளவர்களில் 14 பேருக்கு எதிரே #N/A என்று வந்தது. பதினான்கு பேரில் கேட்க வந்தவர் ஒருவர். மற்ற 13 பேரை நினைத்தபோது எனக்கு மனம் கனத்தது.

பிழை எங்கே என்று தேடுவதற்கு முன், அந்த 14 பேரையும் தனியே எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். வைத்ததும் தெரிந்துவிட்டது. எல்லோருடையதும் 12 இலக்க அடையாள அட்டை. ஒன்பது இலக்கமும் கடைசியில் V எழுத்தும் கொண்ட பழைய அட்டைக்காரர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. 2016 தொடக்கம் இலங்கையில் 12 இலக்க அட்டைதான் கொடுக்கிறார்கள். ஆகவே பணம் போகாதவர்கள் பெரும்பாலும் அண்மையில் பள்ளியை விட்டு வேலைக்கு வந்த பிள்ளைகள்.

காரணம் இதுதான். V எழுத்து இருப்பதால் பழைய இலக்கத்தை எங்கே தட்டினாலும் எக்செல் அதை எழுத்துத் தொடராகவே வைத்துக்கொள்கிறது. புதியதில் எழுத்தே இல்லை. சாதாரண கட்டத்தில் தட்டினால் அது எண் ஆகிவிடுகிறது. எங்கள் ஊழியர் பட்டியலில் அந்த நிரல் முன்பே Text என்று அமைக்கப்பட்டிருந்தது. அங்கே அது எழுத்து. முந்தைய மேற்பார்வையாளர் எங்கள் கோப்பின் பிரதியிலேயே நிரப்புவார் என்பதால் இரு பக்கமும் பொருந்தின. புதிதாக வந்தவர் வெற்றுத் தாளில் தானே தயாரித்திருந்தார். இலக்கங்கள் 2.001E+11 என்பது போல் தோன்றியிருக்கும். அவர் Number என்று மாற்றித் தசமத்தை நீக்கி, அழகுக்காக நடுவில் நிறுத்தியிருந்தார். எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும் என்ற அடையாளமும் அதோடு போயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். VLOOKUPக்கு இரண்டும் வேறு வேறு.

ஒருவருடைய இலக்கத்தை மட்டும் எடுத்து மூன்று விதமாகச் சோதித்தேன்.

```
=B7=OT!A19               FALSE
=B7-OT!A19               0
=COUNTIF(OT!A:A,B7)      1
```

இந்த மூன்று விடைகளும்தான் பலரைக் குழப்பிவிடுகின்றன. கழித்தால் பூச்சியம், எண்ணிப் பார்த்தால் ஒன்று உண்டு, சமமா என்று கேட்டால் மட்டும் இல்லை. கழித்தல் குறியைக் கண்டதும் எக்செல் எழுத்தை எண்ணாக்கிவிடுகிறது. COUNTIFஉம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. '=' குறியும் VLOOKUPஉம் அப்படி மாற்றிப் பார்ப்பதில்லை. ஆகவே "COUNTIF போட்டுப் பார்த்தேன், ஆள் இருக்கிறார்" என்பது இங்கே சாட்சி ஆகாது. ISTEXT, ISNUMBER இரண்டையும் இரு பக்கமும் போட்டுப் பார்ப்பதே நேரான வழி.

நிரலைத் தெரிவுசெய்து Text என்று மாற்றினால் போதும் என்றார் பக்கத்து மேசை அண்ணா. போதாது. ஏற்கெனவே தட்டிய எண் எண்ணாகவே இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் F2, Enter அழுத்தினால்தான் மாறும். நான் ஓவர்டைம் தாளில் இடப்பக்கம் ஒரு நிரல் சேர்த்து, பழைய நிரலோடு &"" இணைத்து எழுத்தாக்கினேன். VLOOKUP முதல் நிரலில்தான் தேடும் என்பதால் புதியது இடப்பக்கமே வர வேண்டும். சூத்திரத்தில் தேடும் பரப்பையும் $A$2:$G$130 என்று மாற்ற வேண்டும்; தொகையும் ஆறாவதிலிருந்து ஏழாவதுக்குப் போய்விடும். எண்ணாக்காமல் எழுத்தாக்கியதற்குக் காரணம், V உள்ள இலக்கம் எண்ணாக மாறவே மாறாது.

பதினொரு பேர் வந்துவிட்டார்கள். மூன்று பேர் வரவில்லை. ஊழியர் பட்டியலில் அவர்கள் இலக்கத்துக்கு LEN போட்டால் 12க்குப் பதில் 13. மூவரும் இணையப் படிவம் நிரப்பிச் சேர்ந்தவர்கள். விவரங்களை அங்கிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறோம். கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. TRIM போட்டதும் இரண்டு பேர் சரியானார்கள். மூன்றாமவருக்கு நீளம் 13ஆகவே நின்றது.

```
=CODE(RIGHT(B31,1))
```

விடை 160. விசைப்பலகையில் தட்டும் இடைவெளி 32. இணையப் பக்கங்களில் வரி முறியாமலிருக்க இடும் இடைவெளிதான் 160; TRIM அதைத் தொடாது. முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டே TRIM செய்ய வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(B2,CHAR(160)," "))
```

இதன் விடை எப்போதும் எழுத்தாகவே வருவதால் எண் சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. இப்போது இரு தாள்களிலும் இந்த நிரலைத்தான் ஒப்பிடுகிறேன். V பெரியதா சிறியதா என்று கவலைப்பட வேண்டியதில்லை. VLOOKUP அதைப் பார்ப்பதில்லை.

அன்று மாலைக்குள் 14 பேருக்கும் தனி வவுச்சர் எழுதிக் கையொப்பம் வாங்கினேன். மேலதிக நேரத்துக்குச் சேமலாப நிதி கழிப்பதில்லை என்பதால் அந்தக் கணக்கைத் திருத்த வேண்டி வரவில்லை. தம்பியை நானே அழைத்துச் சொன்னேன். "மற்றவர்களுக்கும் வருமா அக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

IFERRORஐ எடுத்துவிட்டேன். ஓவர்டைம் செய்யாதவர்களுக்கு எதிரே #N/A நிற்கட்டும். ஒவ்வொன்றையும் பார்த்து நானே 0 போடுகிறேன். சம்பளத் தாளின் அடியில் இரண்டு கூட்டுத்தொகைகளும் அவற்றின் வித்தியாசமும் இருக்கின்றன. ஒன்று மேற்பார்வையாளர் தாளின் மொத்தம், மற்றது சம்பளத் தாளுக்கு வந்து சேர்ந்த மொத்தம். வித்தியாசம் 0.00 ஆகாமல் கோப்பை வங்கிக்கு அனுப்புவதில்லை.

போன மாதம் அங்கே 6,400.00 நின்றது. இடைவெளி இல்லை, எண்ணும் இல்லை, நீளமும் சரி. களஞ்சியத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மூத்த ஊழியர் ஒருவர் தொலைந்த அட்டைக்குப் பதில் புதியது எடுத்திருக்கிறார். மேற்பார்வையாளர் அவருடைய 12 இலக்கத்தை எழுதியிருக்கிறார். எங்கள் பட்டியலில் இன்னும் அந்தப் பழைய V இலக்கம்.