50 கிலோ அரிசி, 47.9 கிலோ மாவு

சுங்கை சிப்புட்டில் மாமா நடத்திய மாவு மில்லை நான் எடுத்து நடத்த ஆரம்பித்த முதல் வருஷம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. முறுக்கு, அதிரசம் செய்து தோட்டங்களுக்கு விற்கும் அக்கா ஒருவர் காலையில் கடை திறந்ததும் 50 கிலோ அரிசி கொண்டு வந்தார். அரைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் அதே மூட்டையோடு திரும்பி வந்து தராசில் வைத்தார். 47.9 என்று காட்டியது.

"தம்பி, ரெண்டு கிலோ எங்கே போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமாவாக இருந்தால் "சேதாரம்மா" என்று முடித்திருப்பார். ஆனால் அந்த அக்கா இருபது வருஷமாக எங்களிடம் அரைக்கிறவர், கிலோ கணக்கில் விலை போட்டு விற்கிறவர். அவருக்கு அந்த இரண்டு கிலோ லாபத்தில் ஒரு பங்கு. மீதி அரிசி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று கிலோ மூடி வைத்த வாளியில் இருப்பதாகச் சொன்னார். அதில் ஒரு கைப்பிடியும், அரைத்த மாவில் ஒரு கைப்பிடியும் வாங்கி, தனித்தனி டப்பாவில் போட்டு இறுக்கி மூடினேன்.

அன்று ராத்திரி அரிசியை மிக்சியில் ஒரு சுற்று விட்டு நொறுக்கி 100 கிராம் நிறுத்தேன். மாவிலும் 100 கிராம். இரண்டையும் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, கேக் சுடும் அடுப்பில் 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். வெளியே எடுத்து உடனே நிறுத்தபோது அரிசி 84.5 கிராம், மாவு 87.5 கிராம். அதாவது அரிசியில் நூற்றுக்குப் பதினைந்தரை பங்கு தண்ணீர், மாவில் பன்னிரண்டரை பங்கு தண்ணீர்.

கணக்கு அப்புறம் சுலபமாகிவிட்டது. 50 கிலோ அரிசியில் தண்ணீர் போக உலர்ந்த பொருள் 42.25 கிலோ. அரைத்தாலும் அந்த 42.25 மாறாது. மாவில் அது நூற்றுக்கு 87.5 பங்கு என்றால், மொத்த மாவு சுமார் 48.3 கிலோதான் வந்திருக்க முடியும். 1.7 கிலோ ஆவியாகப் போய்விட்டது. கல்லுக்கு நடுவே மாவு சூடாகித்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டில் ஈரம் போகாமல் இருக்காது.

அந்த அரிசி கழுவி, ஊறவைத்து, பாயில் உலர்த்தியது. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. நம் பக்கத்தில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும் மாதங்கள் அவை. அரை நாள் வெயிலில் உலர்ந்ததை உலர்ந்தது என்று நினைத்து மூட்டை கட்டிவிடுகிறோம்.

சரி, 48.3 வந்திருக்க வேண்டும். கிடைத்தது 47.9. மீதி 400 கிராம் ஆவியில்லை. அது எங்கள் மில்லுக்குள் இருக்க வேண்டும்.

மறுநாள் கடையைத் திறக்கும் முன் மிஷினைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்தேன். கடையிலிருந்து புது அரிசி மூட்டை ஒன்று வாங்கி, கழுவாமல் அப்படியே 50 கிலோவை அரைத்தேன். 49.1 வந்தது. மறுபடி கழற்றிப் பார்த்தால் கல்லைச் சுற்றிய கூட்டுக்குள்ளும் மாவு இறங்கும் குழாயிலும் 250 கிராம் ஒட்டியிருந்தது. காற்று போக வாயில் கட்டியிருக்கும் துணிப்பையின் உள்பக்கத்தைத் தட்டினால் இன்னும் 100 கிராம். துடைக்காமல் உடனே இன்னொரு 50 கிலோவைப் போட்டேன். இந்த முறை 49.4 வந்தது. மிஷினுக்குள் ஏற்கெனவே மாவு உட்கார்ந்திருந்ததால் இரண்டாவது மூட்டையிலிருந்து அது புதிதாக எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

இந்த ஓர் இடத்தில்தான் எனக்கு மனசு கனத்தது. மிஷின் பிடித்துக்கொள்ளும் மாவு மூட்டைக்கு இத்தனை சதவீதம் என்று போவதில்லை. காலையில் முதலில் வருகிறவரிடம் மொத்தமாகப் பிடித்துக்கொள்கிறது. அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு முந்தினவர் மாவு கொஞ்சம் வரும், தங்கள் மாவு கொஞ்சம் தங்கும், எடை சரியாகிவிடும். ராத்திரி நாங்கள் கூட்டிப் பெருக்கி எடுப்பது எடைக் கணக்கில் முதல் ஆளின் மாவு. அந்த அக்கா எப்போதும் காலையில் முதல் ஆளாக வருகிறவர்.

50 கிலோவில் 350 கிராம் என்பது யாரும் கவனிக்காத அளவு. ஆனால் லயன் வீட்டுப் பாட்டி 3 கிலோ கேழ்வரகு கொண்டு வந்து, அவருக்காக மிஷினைத் துடைத்து அரைத்தால், அதே 350 கிராம் பத்தில் ஒரு பங்குக்கு மேல். சேதாரத்துக்கு ஒரே சதவீதம் சொல்வது ஏன் தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

எடையில் இவ்வளவு மறைந்திருந்தால் கூலியில் என்ன மறைந்திருக்கும்? மாமா கிலோவுக்கு 50 காசு வாங்கிவந்தார். எதை வைத்து அந்த விலை என்று கேட்டால், பக்கத்து ஊரில் அதுதான் என்பார். நான் குவிண்டாலுக்குக் கணக்குப் போட்டேன். 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ குறைந்தால் ஒரு சதவீதம், கண்ணுக்கே தெரியும்.

முதலில் கரண்ட். மோட்டார் 10 குதிரைத்திறன். பெயர்ப்பலகையில் 7.5 கிலோவாட் என்று இருக்கும். அதை ஓடிய மணி நேரத்தால் பெருக்கினால் தப்பான விடை வரும், ஏனென்றால் மோட்டார் இழுப்பது சுமையைப் பொறுத்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மில் வயருக்கு மட்டும் தனி யூனிட் மீட்டர் மாட்டினேன். கல் கொத்திய மறுநாள் 100 கிலோ உலர்ந்த அரிசி 65 நிமிஷத்தில் அரைந்தது, 7.2 யூனிட். மாதக் கரண்ட் பில்லை யூனிட்டால் வகுத்தால் எனக்கு யூனிட்டுக்கு 55 காசு விழுகிறது. அப்படியானால் குவிண்டாலுக்கு 4 வெள்ளி.

ஆனால் மாதக் கடைசியில் மீட்டர் 310 யூனிட் காட்டியது. நோட்டுப்படி அரைத்தது 31 குவிண்டால். அப்படிப் பார்த்தால் குவிண்டாலுக்குப் பத்து யூனிட். கூடுதல் எங்கே? கொஞ்சம் கல் மழுங்கியதில் போயிருக்கும். பெரும்பகுதி மிஷின் வெறுமனே ஓடியதில். ஒரு வீட்டுக்காரர் மாவைக் கட்டிக்கொண்டு கூலி கொடுக்கும்வரை மோட்டாரை அணைக்க மாட்டோம். காலியாக ஓடும்போதும் மணிக்கு இரண்டு யூனிட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அப்படிப் போனாலே மாதத்தில் ஐம்பது யூனிட். ஆகவே நான் கணக்கில் எழுதியது 7.2 இல்லை, 10. குவிண்டாலுக்கு 5 வெள்ளி 50 காசு.

அடுத்தது தேய்மானம். ஒரு ஜோடிக் கல் 1,100 வெள்ளி. மாமாவின் நோட்டுகளைப் புரட்டினால் போன ஜோடி சுமார் 1,100 குவிண்டால் அரைத்திருக்கிறது. குவிண்டாலுக்கு ஒரு வெள்ளி. 60 குவிண்டாலுக்கு ஒருமுறை கல் கொத்துகிறோம். கூலி 90 வெள்ளி, கொத்தியதும் கல்பொடி போக 3 கிலோ நொய் ஓட்டிக் கொட்டுவதற்கு இன்னொரு 10 வெள்ளி. ஆக 1 வெள்ளி 67 காசு. அந்த நொய்யைக் கஞ்சப்பட்டு யாருடைய மாவிலும் கலந்துவிடக் கூடாது, பல்லில் நறநறக்கும். பெல்ட், பேரிங், கிரீஸ், துணிப்பை எல்லாம் சேர்த்து 90 காசு. மொத்தத் தேய்மானம் 3 வெள்ளி 60 காசுக்குக் கொஞ்சம் கீழே.

கல் கொத்துவதைத் தள்ளிப்போட்டால் மிச்சமா என்று ஒரு கணக்குப் பார்த்தேன். மழுங்கிய கல்லில் அதே 100 கிலோவுக்கு 85 நிமிஷமும் 9.6 யூனிட்டும் ஆனது. கூடுதல் கரண்ட் 1 வெள்ளி 32 காசுதான். கரண்டை மட்டும் பார்த்தால் 90 குவிண்டால்வரைகூடத் தள்ளலாம். ஆனால் மாவு கை வைக்க முடியாத சூட்டில் வரும். ஈரம் கூடுதலாகப் போகும், எடை இன்னும் குறையும், சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். அந்த நஷ்டம் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. அதனால் 60 குவிண்டாலிலேயே கொத்துவது என்று வைத்துக்கொண்டேன். இறங்கும் மாவை உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பேன். பொறுக்க முடியாவிட்டால் கணக்கு என்னவானாலும் கொத்திவிடுவேன்.

மூன்றாவது, எங்கள் மிஷின் தின்னும் மாவு. குவிண்டாலுக்கு 700 கிராம் என்று அதிகமாகவே வைத்து, கிலோ 4 வெள்ளி வீதம் 2 வெள்ளி 80 காசு. மூன்றும் சேர்ந்து 12 வெள்ளிக்குப் பக்கம். அதன் மேல் ஆள் சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72. நிறுத்து, அரைத்து, கட்டிக் கொடுக்க ஒரு குவிண்டாலுக்கு ஒன்றரை மணி நேரம். சேமநிதியும் சேர்த்து 15 வெள்ளி. வாடகை மாதம் 600, முப்பது குவிண்டாலுக்குப் பங்கிட்டால் 20 வெள்ளி. ஆக 47. மாமா வாங்கியது 50. மோட்டார் ஒருமுறை எரிந்தால் கட்டுவதற்குக் காசு இல்லாத விலை அது.

கூலியை குவிண்டாலுக்கு 70 வெள்ளியாக உயர்த்தினேன், கிலோவுக்கு 70 காசு. 5 கிலோவுக்குக் குறைந்தால் மொத்தமாக 5 வெள்ளி. இதில் பாட்டிகளுக்கு வருத்தம் இருந்தது, எனக்கும்தான். அதனால் சின்னப் பைகளைப் புதன், சனி மதியத்துக்கு ஒதுக்கி, ஒரே தானியத்தை வரிசையாக அரைக்கிறேன். அப்படி வருகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை, கிலோ விலைதான்.

காலையில் முதல் ஆளுக்கு முன்னால் ஒரு கிலோ எங்கள் சொந்த நொய் ஓடும். ஒவ்வொரு மூட்டையையும் வாடிக்கையாளர் கண் முன்னால் நிறுத்து எழுதுகிறோம். அரைத்தபின் மூட்டை வாயைத் திறந்து வைத்து இருபது நிமிஷம் ஆறவிட்டு மறுபடி நிறுக்கிறோம். நன்றாக உலர்ந்த அரிசி 10 கிலோவுக்கு மேல் இருந்தால் நூற்றுக்கு 98 திரும்ப வர வேண்டும். வராவிட்டால் குறைந்த மாவுக்குக் கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று பலகையில் எழுதி மாட்டினேன். ஈர அரிசிக்கு அந்த வாக்கு இல்லை.

அந்த அக்காவுக்கு அடுப்புக் கணக்கைக் காட்டி, 400 கிராம் மாவை அவர் பையில் போட்டேன். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மறுபடி 50 கிலோ கொண்டு வந்தார். ஓர் அரிசியைக் கடித்துப் பார்த்தேன். டக்கென்று உடையாமல் பல்லில் நசுங்கியது. "அக்கா, இன்னும் ஒரு வெயில் காட்டுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப் போனார். இரண்டு நாள் கழித்து அதே மூட்டை வந்தபோது தராசில் 48.8 இருந்தது. அரைத்து, ஆறவைத்து, மறுபடி வைத்தோம். 48.2.

"அப்ப போன தடவை தண்ணிக்குமா கூலி குடுத்தேன்?" என்று கேட்டார்.

"ஆமாங்க்கா."