நாலு என்று காட்டிய பி.இ.

பல்லடத்தில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்தபோது, 2022 மே மாதம் சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். நூல் விலை தாங்காமல் திருப்பூர் வட்டாரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, லட்சம் ரூபாயைத் தொட்டிருந்தது. கைபேசியில் ஒரு நூற்பாலைப் பங்கைக் காட்டினார்.

"ஏனுங்க தம்பி, இதுக்கு பி.இ. நாலுதானுங்க காட்டுது. நாலே வருசத்துல போட்ட காசு திரும்பீருமுங்களே?"

பங்கு விலை 240 ரூபாய். முந்தைய நாலு காலாண்டுகளில் ஒரு பங்குக்கு வந்த லாபம் 60 ரூபாய். பங்கு விலையை ஒரு பங்குக்கு வந்த ஓராண்டு லாபத்தால் வகுத்தால் வருவதுதான் பி.இ. 240-ஐ 60-ஆல் வகுத்தால் 4. கணக்கு சரிதான். "கம்மிதானுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் 500 பங்கு வாங்கினார்.

அந்த 60 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. மில் தன் பஞ்சில் பெரும்பகுதியைக் கேண்டி 60,000 ரூபாய் இருந்தபோது வாங்கி அடுக்கியிருந்தது. கிலோவுக்கு சுமார் 169 ரூபாய். லட்சத்துக்குப் போனபோது அதுவே 281 ரூபாய். நூல் விலை அன்றன்றைய பஞ்சு விலையை ஒட்டித்தான் போகும். ஆக, கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல், குடோனில் இருந்த பஞ்சே சம்பாதித்துக் கொடுத்தது. விலை இறங்கும்போது இதே கணக்கு தலைகீழாகும்: பழைய விலைப் பஞ்சை வைத்துக்கொண்டு புது விலைக்கு நூல் விற்க வேண்டும். பி.இ.யில் இருக்கும் லாபம் முடிந்துபோன லாபம். அது திரும்ப வருமா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

"நாலு வருசத்தில் காசு திரும்பும்" என்பதும் தவறு. லாபம் மில்லின் கணக்கில் நிற்கும். அதிலிருந்து அவர் கைக்கு வந்த டிவிடெண்ட் பங்குக்கு 3 ரூபாய்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். ஜூன் காலாண்டில் 12 ரூபாய் லாபம் வந்தது, முந்தைய ஆண்டு ஜூனைப் போலவே. செப்டம்பர் காலாண்டில் 14 ரூபாய் இருந்த இடத்தில் 2 ரூபாய்தான் வந்தது. நாலு காலாண்டுக் கூட்டுத்தொகை 48 ஆனது. விலை அதற்குள் 180-க்கு இறங்கியிருந்தது. வகுத்துப் பாருங்கள், 3.75. தொழில் சரியச் சரிய, திரையில் பங்கு முன்பைவிட மலிவாகத் தெரிந்தது! பழைய நல்ல காலாண்டுகள் கூட்டுத்தொகையில் இன்னும் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். டிசம்பரில் 4 ரூபாய் நஷ்டம், மார்ச்சில் 2 ரூபாய் நஷ்டம். ஓராண்டு லாபம் 8 ரூபாய் என்று சுருங்கியபோது விலை 140, பி.இ. 17.5. 240 ரூபாய்க்கு "மலிவு", 140 ரூபாய்க்கு "விலை அதிகம்".

பத்து நிமிடம் செலவழித்திருந்தால் அன்றைக்கே இது தெரிந்திருக்கும். அந்த மில்லின் பழைய ஆண்டறிக்கைகளைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் ஒரு பங்குக்கு வந்த லாபம் 11, 14, 9, 12, 3, 8, 13. சராசரி 10. அந்தச் சராசரியை வைத்தால் 240 ரூபாய் விலை 24 மடங்கு. அந்த 60 ரூபாய் ஆண்டையும் சேர்த்தால்கூட ஏறக்குறைய 15 மடங்கு. எப்படிப் போட்டாலும் நாலு வரவில்லை. சந்தை 60 ரூபாயை நம்பவில்லை, அதனால்தான் நாலு மடங்குக்கு மேல் கொடுக்க மறுத்தது. பி.இ. நிஜமாகச் சொன்னது அதை மட்டும்தான். சந்தையின் சந்தேகம் எப்போதும் சரியாக இருக்கும் என்றும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும்.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. வாங்கிய அன்றைக்கே அவர் எழுந்து போகும்போது, "இந்த நூல் விலை நிக்காதுங்க, ஆடி தாண்டாது" என்று சொன்னார். திரையில் இல்லாத பதில் அவர் வாயிலேயே இருந்தது. அதையும் அந்த நாலையும் நான் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு மறுபடி வந்தார், பங்கை விற்காமல். அதற்குள் இன்னொரு நஷ்டக் காலாண்டும் வந்து, நாலு காலாண்டுக் கூட்டுத்தொகையே நஷ்டத்துக்குப் போயிருந்தது. நஷ்டத்துக்கு பி.இ. போட முடியாது என்பதால் திரையில் அந்த இடத்தில் வெறும் கோடு. "இப்ப என்னங்க பண்றது?" என்றார். இந்த முறை பி.இ.யைத் தொடவில்லை. ஆண்டறிக்கையை விரித்து, மார்ச் 31 அன்று மில்லிடம் எவ்வளவு பஞ்சு இருந்தது, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று மூன்று வரிகளை விரல் வைத்துக் காட்டினேன். பஞ்சு வரியில் அவர் விரல் நின்றது. "இது என்ன விலைக்கு வாங்குனதுங்க தம்பி?" என்று கேட்டார்.