டியூஷன் ஃபீஸ் மெசேஜை மறுபடி எழுதியபோது

சத்துவாச்சாரியில் வீட்டிலேயே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரம் மூன்று நாள், மாதத்துக்கு 12 வகுப்பு, 1,000 ரூபாய். இதை 1,200 ஆக்க நினைத்து மே கடைசியில் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: “அடுத்த மாதத்திலிருந்து ஃபீஸ் 1,200. விடுபட்ட வகுப்புகள் ஈடு செய்யப்படும்.”

ஜூன் 3ஆம் தேதி ஒரு அம்மா மே மாதத்துக்கே 1,200 கொடுத்தார். எங்கள் பக்கம் பாதிப் பேர் மாதம் முடிந்த பிறகுதான் கட்டுவார்கள். அவர்களுக்கு ‘அடுத்த மாதம்’ என்றால் பணம் கைமாறும் மாதம். நான் நினைத்ததோ வகுப்பு நடக்கும் மாதம். கூடுதல் 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது வரி இன்னும் மோசம். “போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போனப்ப பையன் ரெண்டு கிளாஸ் வரலையே, அந்த மாதிரி வந்தா கழிச்சுப்பீங்களா டீச்சர்?” என்று ஒரு அப்பா கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். யார் விடுபட்டது, நானா பையனா, ஈடு என்றால் பணமா பாடமா என்று நான் சொல்லவே இல்லை.

உட்கார்ந்து முதலில் கணக்குப் போட்டேன். 1,200ஐ 12ஆல் வகுத்தால் ஒரு வகுப்பு 100 ரூபாய். நான் வராவிட்டால் அது என் பொறுப்பு. பிள்ளை வராவிட்டாலும் அந்த நேரம் எனக்குச் செலவாகிவிடுகிறது. ஆனால் மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்த மாணவியிடம் முழுப் பணம் வாங்கியது எனக்கே உறுத்தியது. அதற்கும் ஒரு வரி வேண்டும். ஜூன் பாதி ஓடிவிட்டதால் உயர்வை ஜூலைக்குத் தள்ளினேன். அப்புறம் இப்படி எழுதினேன்:

“வணக்கம். ஜூலை 1 முதல் நடக்கும் வகுப்புகளுக்கு மாத ஃபீஸ் 1,200 ரூபாய் (இதுவரை 1,000). ஜூன் வகுப்புக்கான பணத்தை ஜூலையில் கட்டினாலும் 1,000 போதும்.
நான் வகுப்பு எடுக்காவிட்டால் அதே மாதம் ஞாயிற்றுக்கிழமை எடுப்பேன். முடியாவிட்டால் வகுப்புக்கு 100 ரூபாய் கழித்துக்கொள்ளலாம்.
பிள்ளை வராத நாளுக்கு ஃபீஸ் குறையாது. விட்ட பாடத்தைச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வந்து கேட்கலாம்.
உடம்பு சரியில்லாமல் ஒரே மாதத்தில் 6 வகுப்போ அதற்கு மேலோ விட்டால் அந்த மாதம் பாதி ஃபீஸ்.
சிரமம் இருந்தால் ஜூன் 25க்குள் எனக்குப் போன் செய்யுங்கள்.”

குரூப்பில் போடாமல் தனித்தனியாக அனுப்பினேன். குரூப்பில் ஒருவர் “அதிகம்” என்றால் கஷ்டம் இல்லாதவரும் சேர்ந்துகொள்வார், நிஜமாகவே கஷ்டப்படுபவர் வாய் திறக்க மாட்டார். இந்த முறை ஒருவர் போன் செய்தார். கணவருக்கு வேலை இல்லையாம். டிசம்பர் வரை பழைய ஃபீஸே போதும் என்று சொல்லி, அதையும் அவருக்குத் தேதி போட்டு மெசேஜாக அனுப்பிவிட்டேன்.